ரி.எஃப்.எம் 76 போட்ட சோப்போ, நம்பர் இல்லாத கிரீம் சோப்போ?

கேட்டது: "மகளுக்கு ஏழு வயசு. முழங்கை மடிப்பிலையும் முழங்காலுக்குப் பின்பக்கமும் தோல் காய்ஞ்சு சொரசொரப்பாக் கிடக்கு, குளிச்சிட்டு வந்தா கடிக்குது எண்டு சொறியிறாள். நாங்கள் விசுவமடு, கிணத்துத் தண்ணி. கடையில ஒரு இந்தியச் சோப்பில ரி.எஃப்.எம் 76, கிரேட் 1 எண்டு போட்டிருக்கு. இன்னொண்டில அந்த நம்பரே இல்லை, மொய்ஸ்சரைசிங் கிரீம், சென்சிட்டிவ் ஸ்கின் எண்டு இருக்கு, விலை ரெண்டு மடங்கு. நம்பர் இருக்கிறது தானே நல்லது? தெரிஞ்சாக்கள் ஆராவது சொல்லுங்கோ."

தங்கச்சி, நான் சவுக்காரம் செய்யிற பக்டரி ஒண்டின்ர லாப்ல கன காலம் வேலை செய்தனான், இந்த ரி.எஃப்.எம் ரெஸ்ட் தான் அங்க ஒவ்வொரு நாளும் செய்யிற வேலை. நான் தோல் டொக்டர் இல்லை, அதால பிள்ளைக்கு என்ன வருத்தம் எண்டு நான் சொல்லேலாது, ஆனா அந்த நம்பர் என்னத்தைச் சொல்லுது என்னத்தைச் சொல்லேல்லை எண்டு வடிவாச் சொல்லலாம். முதலே சொல்லிவிடுறன், உங்கட மகளுக்கு நான் எடுக்கிறதெண்டா அந்த நம்பர் இல்லாததைத் தான் முதல்ல பாப்பன், ஆனா கவர்ல பெரிசா எழுதியிருக்கிற கிரீமுக்காக இல்லை. ஏன் எண்டு கீழ எழுதுறன், கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா வாசியுங்கோ.

ரி.எஃப்.எம் எண்டா அந்தச் சவுக்காரத்தில மொத்தமா எவ்வளவு கொழுப்பமிலம் இருக்கெண்ட கணக்கு. சவுக்காரம் எண்டுறதே எண்ணெயில இருக்கிற கொழுப்பமிலம் கோஸ்டிக் சோடாவோட சேந்து வாற உப்புத்தான். லாப்ல செய்யிறது என்னெண்டா, சோப்பைச் சீவி ஒரு அஞ்சு கிராம் அளவு நிறுத்து எடுத்து சுடுதண்ணியில கரைப்பம், அதுக்குள்ள மீதைல் ஒரேஞ்ச் ரெண்டு துளி விட்டுட்டு ஐதான சல்பூரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொண்டு வந்தா மஞ்சளா இருந்தது றோஸா மாறும், அந்த நேரம் தெளிவா இருந்த கரைசல் ஒரேயடியாப் பால் மாதிரி வெளுக்கும். பிறகு கொழுப்பமிலம் எல்லாம் எண்ணெயாத் திரண்டு மேல வந்து மிதக்கும். அதைப் பெற்றோலியம் ஈதர்ல வாங்கி எடுத்து, கழுவி, ஈதரை ஆவியாக்கிப்போட்டு, மிச்சத்தைக் காயவைச்சு நிறுப்பம். 100 கிராம் சோப்புக்கு அது எத்தனை கிராமோ அது தான் ரி.எஃப்.எம். பாத்தீங்களோ, இந்த ரெஸ்ட்ல தோல் எண்ட பேச்சே இல்லை. காசுக்கு எவ்வளவு சரக்கு உள்ளுக்க இருக்கு எண்டு பிடிக்கிறதுக்கு வந்த ரெஸ்ட் இது.

76 எண்டா மிச்சம் 24 கலப்படமோ எண்டு கன பேர் கேக்கிறவை. இல்லை. கலப்படமே இல்லாத, முழுக்கக் காஞ்ச சவுக்காரத்தை எடுத்தாலும் 100 வராது, ஏனெண்டா கொழுப்பமிலத்தோட சோடியம் சேந்து இருக்கு. பாம் எண்ணெயில கூட இருக்கிற பால்மிற்றிக் அமிலத்தை எடுத்தா அதின்ர மூலக்கூற்று நிறை 256, அது சோடியத்தோட சேந்து சவுக்காரமானா 278. 256 ஐ 278 ஆல பிரிச்சா 92 வீதம். அதோட எந்தக் குளிக்கிற சோப்பிலையும் ஒரு 13 வீதம் மட்டில தண்ணி இருக்கும், இல்லாட்டி அச்சில போட்டு அமத்தேலாது, வெடிச்சுப்போகும். அப்ப 87 இல 92 வீதம், 80. அதுக்குள்ள வாசம், கொஞ்ச உப்பு, நிறம், கிளிசரின் எல்லாம் சேர்ந்தா 76, 78 எண்டு வந்து நிக்கும். அதால 76 எண்டது கிட்டத்தட்ட நிரப்புப்பொருள் ஒண்டும் போடாத சோப் எண்ட அர்த்தம். இந்திய நியமத்தில ரொய்லற் சோப்புக்கு கிரேட் 1 எண்டா குறைஞ்சது 76, கிரேட் 2 க்கு 70, கிரேட் 3 க்கு 60. அதுக்கும் கீழ போறது "பேதிங் பார்" எண்ட வேற பேர்ல வரும், அதுக்கு இந்தியாவில குறைஞ்ச அளவு 40 தான். அந்த இடைவெளியை நிரப்பிறது ரல்க் பவுடர், வெள்ளைக் களி, மாப்பொருள், கூடத் தண்ணி இப்பிடியான சாமான்கள். அப்பிடியான கட்டி சவுக்காரப்பெட்டிக்குள்ள கிடந்து கெதியா ஊறிக் கொழகொழத்துப் போகும், காஞ்சா வெடிப்பு விழும், அதை வைச்சே ஓரளவுக்குப் பிடிக்கலாம்.

காசுக் கணக்குக்கு இந்த நம்பர் உண்மையிலயே உதவும். சும்மா ஒரு கணக்குக்கு, 76 போட்ட 100 கிராம் கட்டி 160 ரூவா எண்டு வச்சுக்கொள்ளுங்கோ, 60 போட்ட 100 கிராம் கட்டி 130 ரூவா. முதலாவதில ஒரு கிராம் கொழுப்பமிலத்துக்கு 2 ரூவா 10 சதம், ரெண்டாவதில 2 ரூவா 17 சதம். 30 ரூவா மலிவு எண்டு எடுத்தது தான் உண்மையில கூட விலை, கெதியாக் கரைஞ்சு போறது வேற. ஆக, ஒரே சாதிச் சோப் ரெண்டை வச்சு எது பெறுமதி எண்டு பாக்கிறதுக்கு ரி.எஃப்.எம் நல்ல அளவுகோல், அதில எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா நீங்கள் கேக்கிறது பிள்ளைக்குக் கடிக்காத சோப், அது வேற கேள்வி.

76 எண்டது நெல்லு மூட்டையில எழுதியிருக்கிற கிலோ மாதிரி, உள்ளுக்க இருக்கிறது சம்பாவோ நாடோ எண்டது அதில இல்லை. கொழுப்பமிலத்தில கன சாதி இருக்கு. தேங்காய் எண்ணெயிலையும் பாம் விதை எண்ணெயிலையும் கூட இருக்கிறது லோரிக் அமிலம், சின்னச் சங்கிலி. அந்தச் சவுக்காரம் தான் பொங்கிப் பொங்கி நுரைக்கிறது, ஆனா அதே சின்னச் சங்கிலி தான் தோலின்ர மேற்படைக்குள்ள லேசாப் புகுந்து அங்க இருக்கிற புரதத்தோட ஒட்டி, எரிவையும் கூடக் குடுக்கிறது. பாம் எண்ணெயிலையும் மாட்டுக்கொழுப்பிலையும் வாறது பால்மிற்றிக், ஸ்ரியரிக் மாதிரியான நீளச் சங்கிலி, நுரை குறைவு, தோலுக்குக் கொஞ்சம் சாந்தம். வழமையா பக்டரியள் 80 பங்கு பாம், 20 பங்கு தேங்காய் இல்லாட்டி பாம் விதை எண்ணெய் எண்டு கலக்கிறவை. ஆனா ஒருத்தன் தேங்காய் எண்ணெயை நிறையப் போட்டுச் செய்தாலும் ரி.எஃப்.எம் 76 வரும். ரெண்டிலையும் ஒரே நம்பர், தோலில ஒரே மாதிரி இல்லை. கவரின்ர பின்பக்கம் சோடியம் பாமேட் எண்டு முதல்ல இருந்தா பாம் கூட, சோடியம் கொக்கோவேட் இல்லாட்டி பாம் கேர்னலேட் முதல்ல வந்தா அது நுரைக்கிற சாதி. எங்கட ஆக்கள் நுரை வந்தாத் தான் ஊத்தை போகும் எண்டு நினைக்கிறது, கடைக்காரரும் நுரையைச் சொல்லித்தான் விக்கிறவை, ஆனா காஞ்ச தோலுக்கு அந்த நுரை நல்லதில்லை.

அடுத்தது காரத்தன்மை. உண்மையான சவுக்காரம் எதுவா இருந்தாலும், எவ்வளவு விலையா இருந்தாலும், தண்ணியில கரைச்சா அதின்ர பி.எச் 9 இலயிருந்து 10 க்கு மேல வரைக்கும் நிக்கும். எங்கட தோலின்ர மேற்பரப்பு 5 மட்டில, கொஞ்சம் அமிலப் பக்கம். சவுக்காரம் போட்டுக் கழுவினா அது ஏறும், சுகமான தோல் எண்டா கொஞ்ச மணித்தியாலத்தில தானாத் திரும்பி வந்திடும், பெரிய பிரச்சினை இல்லை, காலங்காலமா நாங்கள் எல்லாரும் அதில தானே குளிச்சு வளந்தனாங்கள். ஆனா ஏற்கெனவே வெடிச்சுக் காஞ்சிருக்கிற தோல் அப்பிடித் திரும்பி வர நேரம் எடுக்கும், அதுக்குள்ள அடுத்த குளிப்பும் வந்திடும். "பி.எச் 5.5 சவுக்காரம்" எண்டு கவர்ல கண்டீங்களெண்டா ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ, உண்மையான சவுக்காரத்தை 5.5 க்கு இறக்கேலாது, இறக்கினா அது நான் மேல சொன்ன லாப் ரெஸ்ட் மாதிரி உடைஞ்சு கொழுப்பமிலமாத் திரண்டிடும். அப்ப 5.5 எண்டது உண்மையெண்டா அது சவுக்காரமே இல்லை, வேற சாமான்.

இதை வீட்டிலயே பாக்கலாம், லாப் ஒண்டும் தேவையில்லை. கறி பட்ட வெள்ளைச் சட்டையில சவுக்காரம் போட்டா மஞ்சள் கறை ரத்தச் சிவப்பா மாறுறது கண்டிருப்பீங்கள் தானே, அது மஞ்சள் காரத்தில நிறம் மாறுறது. ஒரு வெள்ளைத் துணித் துண்டில மஞ்சள்தூளைக் குழைச்சுப் பூசிக் காயவிடுங்கோ. முதல்ல உங்கட கிணத்துத் தண்ணியை மட்டும் ஒரு துளி விட்டுப் பாருங்கோ, மாறக்கூடாது, லேசா மாறினா மழைத்தண்ணியில செய்யுங்கோ. பிறகு ஒவ்வொரு சோப்பையும் தண்ணியில குழைச்சு அந்தத் தண்ணியில ஒரு துளி வையுங்கோ. சாதாரணச் சவுக்காரம் எண்டா உடன செங்கல் நிறத்துக்குப் போகும். நடுநிலையான கட்டி எண்டா மஞ்சளாவே இருக்கும். சென்சிட்டிவ் எண்டும் பேபி எண்டும் எழுதியிருக்கிற எத்தனையோ கட்டியள் இந்த ரெஸ்ட்ல நல்லாச் சிவக்கும், ஏனெண்டா அதுகளும் சாதாரணச் சவுக்காரம் தான், வாசமும் நிறமும் தான் வேற.

இப்ப உங்கட ரெண்டாவது கட்டிக்கு வருவம். அதில ரி.எஃப்.எம் போடாததுக்குக் காரணம் ஒளிக்கிறது எண்டு நினைக்காதேங்கோ, ஒளிக்கிற ஆக்களும் இருக்கினம் தான், ஆனா முதல்ல பின்பக்க எழுத்தைப் பாருங்கோ. முதல் பேரா சோடியம் லோரோயில் ஐசதயனேட் இல்லாட்டி சோடியம் கொக்கோயில் ஐசதயனேட் எண்டு இருந்தா அது சின்டெற் எண்டு சொல்லுற சாதி, அதாவது சவுக்காரம் இல்லாத, வேற கழுவுபொருளை வச்சு அமத்திச் செய்த கட்டி. அதுக்குள்ள கொஞ்சம் சவுக்காரமும் ஸ்ரியரிக் அமிலமும் கலந்திருக்கும், ஆனா பெரும்பங்கு ஐசதயனேட். ரி.எஃப்.எம் எண்ட கணக்கு சவுக்காரத்துக்கு எண்டு உண்டாக்கினது, அதை வச்சு இந்தக் கட்டியை அளந்தா நம்பர் குறைவா வரும், அதால இது தரம் குறைஞ்சது எண்டு முடிவு கட்டினா பிழை. இதோட பி.எச் 7 மட்டில வாற மாதிரிச் செய்யலாம், சிலதை 5.5 க்கும் இறக்கலாம். தோல்ல எரிவு குறைவு எண்டதும் வெறும் விளம்பரக் கதை இல்லை. 1979 இல ஃபுறொஷ், கிளிக்மன் எண்ட ரெண்டு தோல் நிபுணர்கள் சோப் கரைசலைச் சின்ன அடைப்புக்குள்ள விட்டுக் கையில ஒட்டி நாள்கணக்கா வச்சு எவ்வளவு சிவக்குது வெடிக்குது எண்டு பாக்கிற முறையைக் கொண்டு வந்தவை, அதில 18 சோப்பை ஒப்பிட்டுப் பாக்கேக்க ஆகச் சாந்தமா நிண்டது இந்த ஐசதயனேட் சாதிக் கட்டி தான். அதுக்குப் பிறகு வந்த ஆராய்ச்சியளும் பெரும்பாலும் அந்தப் பக்கம் தான் நிக்குது. ஒண்டு, அந்தக் கட்டி தண்ணியில கிடந்தா கெதியாக் கரைஞ்சு களியாகிப்போகும், கிணத்தடிக் கல்லில வைக்காமல் ஓட்டை உள்ள பெட்டியில காய வையுங்கோ, விலை ரெண்டு மடங்கு எண்டபடியால் இது கவனிக்க வேண்டிய விசயம்.

ஆனா கவர்ல கிரீம் எண்டு எழுதியிருந்தும் பின்பக்கம் முதல் பேர் சோடியம் பாமேட் எண்டா, அது சாதாரணச் சவுக்காரம், நீங்கள் குடுக்கிற ரெண்டு மடங்கு காசு பெரும்பாலும் கவருக்குத் தான். இது தான் உங்கட கேள்வியில உண்மையாப் பாக்கவேண்டிய இடம், முன்பக்கச் சொல்லை விட்டிட்டு பின்பக்கம் முதல் ரெண்டு மூண்டு பேரைப் பாக்கிறது.

மொய்ஸ்சரைசர் போட்டிருக்கு எண்டுறதையும் அதே பட்டியலை வச்சே நிறுத்துப் பாக்கலாம். பேர்கள் கூட இருக்கிறதிலயிருந்து குறைய இருக்கிறதுக்கு எண்ட ஒழுங்கில தான் வழமையா எழுதுறது, 1 வீதத்துக்குக் கீழ உள்ளதுகளை எப்பிடியும் மாத்தி எழுதலாம். குளிக்கிற சோப்பில வாசம் போடுறது பெரும்பாலும் 1 வீதம் மட்டில. அப்ப பர்ஃபியூம் எண்ட பேருக்குப் பின்னால கற்றாழை, பால், தேன், பாதாம் எண்ணெய் எண்டு வந்தா அதுகள் ஒவ்வொண்டும் 1 வீதமோ அதுக்கும் கீழயோ. ஒருக்காக் குளிக்கேக்க கட்டியில ரெண்டு மூண்டு கிராம் கரையுது எண்டு வச்சாலும் அதில தேன் 0.03 கிராம், அதையும் அடுத்த வாளித் தண்ணி கழுவிக்கொண்டு போகுது. கிளிசரின் நல்ல சாமான், தோல்ல ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், ஆனா அது தண்ணியில நல்லாக் கரையிறது, கழுவி ஊத்தின பிறகு எவ்வளவு மிஞ்சும்? சவுக்காரம் காய்ச்சேக்க எண்ணெயில இருந்து பத்தில ஒரு பங்கு மட்டில கிளிசரின் தானாவே வருது, பெரிய பக்டரியள் அதைப் பிரிச்செடுத்து வேறையா வித்துப்போட்டு கடைசியில கொஞ்சத்தைத் திரும்பச் சேத்து "கிளிசரின் சேர்ந்தது" எண்டு எழுதிறவை. அந்தக் கண்ணாடி மாதிரித் தெரியிற கிளிசரின் சோப் வேற, அதில கிளிசரினும் சீனிப்பாகும் மற்றதுகளும் நிறைய இருக்கிறதால ரி.எஃப்.எம் குறைவாத்தான் வரும், அதைக் கண்டு கலப்படம் எண்டு ஒதுக்கத் தேவையில்லை, ஆனா அதுவும் காரச் சவுக்காரம் தான். கழுவின பிறகும் கொஞ்சம் தங்கி நிக்கிறது எண்டா கொழுப்புச் சாதி, ஸ்ரியரிக் அமிலம், பெற்றோலியம் ஜெல்லி மாதிரி, அதுகள் பட்டியல்ல முன்னுக்கு இருந்தா குளிச்ச பிறகு தோல் இழுபடுறது குறைவா இருக்கும். அப்பிடி இருந்தாலும் சோப் தோலுக்கு எண்ணெய் பூசும் எண்டு எதிர்பாக்காதேங்கோ, குறைய எடுத்துக்கொண்டு போனாலே காணும்.

மற்றச் சொல்லுகளைக் கெதியாச் சொல்லிவிடுறன். ஹைப்போ அலர்ஜெனிக் எண்டதுக்கு அமெரிக்காவில உணவு, மருந்துகளைக் கட்டுப்படுத்திற எஃப்.டி.ஏ எண்ட அரச நிறுவனம் ஒரு வரையறை கொண்டு வந்து, ரெஸ்ட் செய்து காட்டினாத் தான் எழுதலாம் எண்டு சொன்னது, 1977 இல நீதிமன்றம் அதை இல்லாமல் செய்து போட்டுது, அதுக்குப் பிறகு அங்க அந்தச் சொல்லுக்கு கொம்பனி என்ன அர்த்தம் நினைக்குதோ அது தான் அர்த்தம். டேர்மற்றோலொஜிக்கலி ரெஸ்டட் எண்டா தோல்ல ரெஸ்ட் செய்தது எண்டு மட்டும் தான், எத்தனை பேர்ல, எப்பிடிப்பட்ட தோல்ல, முடிவு என்ன எண்டு ஒண்டும் இல்லை. ஹேர்பல், வேப்பிலை, சந்தனம் எண்டா சாந்தம் எண்டு எங்கட சனம் நம்பிறது, பச்சிலையில இருந்து வாற வாசத்துக்கும் அலர்ஜி வரும், லிமொனின், லினலூல் எண்ட பேர்கள் பட்டியல்ல கண்டா அதுகள் எலுமிச்சை, லவெண்டர் மாதிரிச் செடியள்ல இயற்கையா இருக்கிற வாசப்பொருள் தான், காத்துப் பட்டுப் பழசானா தோலுக்கு அலர்ஜி குடுக்கிறது எண்டு நல்லாத் தெரிஞ்ச சாமான்கள். கிருமி கொல்லி எண்டு வாறதும் காஞ்ச தோலுக்குத் தேவையில்லை, ட்ரைக்ளோசன் உட்பட 19 பொருளைக் கைகழுவிற, குளிக்கிற சோப்புகள்ல பாவிக்கேலாது எண்டு 2016 இல அதே எஃப்.டி.ஏ சொன்னது, சாதாரண சோப்பும் தண்ணியும் போட்டுக் கழுவிறதை விடக் கூட நன்மை எண்டு கொம்பனியள் காட்டேல்லை எண்டு சொல்லி. இந்தச் சொல்லுகள் எல்லாத்திலையும் நான் மதிக்கிறது வாசம் சேர்க்காதது எண்ட ஒண்டைத் தான், அதையும் பட்டியல்ல பர்ஃபியூம் எண்ட பேர் இல்லையோ எண்டு பாத்து உறுதிப்படுத்துங்கோ, மணமில்லாதது எண்டு எழுதிப்போட்டு மணத்தை மறைக்க இன்னொரு வாசம் போடுறதும் இருக்கு.

இனி தண்ணி. வெளியூர்க் கட்டுரையள்ல இதைப்பற்றிப் பெரிசா இருக்காது, எங்களுக்கு இது தான் பாதிக் கதை. வன்னியில எல்லாக் கிணறும் ஒரே மாதிரி இல்லை, பூநகரி, மன்னார்ப் பக்கம் சுண்ணக்கல்லு, வவுனியாப் பக்கம் கருங்கல்லுப் பாறைக்குள்ள இருந்து வாற தண்ணி, ஒரே ஊர்ல குழாய்க்கிணறு ஒரு மாதிரி, வாய்க்காலுக்குக் கிட்ட இருக்கிற கட்டுக்கிணறு இன்னொரு மாதிரி. உங்கட கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுதெண்டா அது பள்ளிக்கூடத்தில படிச்ச வன்னீர். அதில இருக்கிற கல்சியமும் மக்னீசியமும் சவுக்காரத்தோட சேந்து தண்ணியில கரையாத ஒரு வெள்ளைத் திரளா மாறும், வாளியின்ர விளிம்பில பிசுபிசுப்பா ஒட்டி நிக்கிறது அது தான். இந்தக் கடினத்தைக் கல்சியம் காபனேற்றாக் கணக்குப் பாத்து ஒரு லீற்றர்ல 180 மில்லிகிராமுக்கு மேல எண்டா மிகக் கடினம் எண்டு சொல்லுறது, 300 உள்ள தண்ணி எண்டு வச்சுக் கணக்குப் பாத்தா ஒரு லீற்றர்ல இருக்கிற கல்சியம் 1.7 கிராம் அளவு சவுக்காரத்தைத் தின்னும். நீங்கள் ஒருக்காக் குளிக்கக் கரைக்கிறதே ரெண்டு மூண்டு கிராம். அப்ப நுரை வரேல்லை எண்டு இன்னும் போட்டுத் தேய்ப்பம், வாற திரள் தோல்லயும் முழங்கை மடிப்பிலையும் தங்கும், 76 ரி.எஃப்.எம் எண்டு காசு குடுத்து வாங்கினதில ஒரு பங்கு இப்பிடித் தான் போகுது. ஐசதயனேட் கட்டி இப்பிடித் திரளிறது மிகக் குறைவு, எங்கட தண்ணிக்கு அது பொருந்துறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரெண்டு தண்ணிப் போத்தலை எடுத்து, ஒண்டில மழைத்தண்ணி, மற்றதில உங்கட கிணத்துத் தண்ணி, அரைப் போத்தல் மட்டும். ரெண்டுக்குள்ளயும் கடலையளவு ஒரே சவுக்காரத்தைச் சீவிப் போட்டு மூடிக் குலுக்குங்கோ. மழைத்தண்ணியில நுரை குவிஞ்சு நிக்கும், கீழ தண்ணி கிட்டத்தட்டத் தெளிவா இருக்கும். வன்னீரெண்டா நுரை உடன அமந்து போய், கீழ கலங்கி, திரைஞ்ச பால் மாதிரித் துணிக்கை மிதக்கும். அந்தத் துணிக்கை தான் பிள்ளையின்ர தோல்ல நிக்கிறது. கொதிக்க வைச்சு ஆறவிட்டு ஊத்தினா இருகாபனேற்றால வாற கடினம் மட்டும் குறையும், மற்றது அப்பிடியே கிடக்கும்.

ஆனா இதில ஒரு எச்சரிக்கை, வன்னீர் சவுக்காரத்தைத் திரைக்குது எண்டது நிச்சயம், வன்னீரால தான் எக்ஸிமா எண்டு சொல்லுற, தோல் காஞ்சு கடிக்கிற வருத்தம் வருது எண்டது அப்பிடி நிச்சயம் இல்லை. வன்னீர் உள்ள இடங்கள்ல பிள்ளையளுக்கு எக்ஸிமா கூட எண்டு ஆராய்ச்சியள் சொல்லியிருக்கு, வன்னீர்ல கழுவினாக் கழுவுபொருள் தோல்ல கூடத் தங்கி எரிவைக் கூட்டுது எண்டு 2018 இல வந்த ஒரு ஆய்வும் சொல்லுது. ஆனா இங்கிலாந்தில எக்ஸிமா இருக்கிற 336 பிள்ளையளை எடுத்து, ஒரு பகுதி வீடுகளுக்குத் தண்ணியை மென்னீராக்கிற மெசின் பூட்டி, 12 கிழமை பாத்து, 2011 இல முடிவைப் போட்டவை, வழமையான மருந்தோட மெசினும் சேந்ததால கூடப் பிரயோசனம் ஒண்டும் காணேல்லை. அதால ஆராவது வந்து தண்ணி மெசின் பூட்டினா மகளின்ர தோல் சுகப்படும் எண்டு சொன்னா லட்சக்கணக்கில செலவழிக்காதேங்கோ. மாரி நேரம் பிடிச்ச மழைத்தண்ணி இருந்தா கடைசியா ஊத்துற ஒரு வாளியை அதில ஊத்துங்கோ, அது செலவில்லாத வேலை, தோல்ல நிக்கிற திரளைக் கழுவும் எண்டது என்ர நம்பிக்கை, ஆராய்ச்சி ஒண்டும் காட்டி நான் இதைச் சொல்லேல்லை.

அப்ப உங்கட வீட்டில நான் செய்யிறதெண்டா இப்பிடி. ரெண்டாவது கட்டியின்ர பின்பக்கத்தைப் பாத்து முதல் பேர் ஐசதயனேட் எண்டா அதை வாங்குவன், வாசம் இல்லாத சாதி கிடைச்சா இன்னும் நல்லது. அதை மகளுக்கு மட்டும் வைச்சு, நீங்கள் எல்லாரும் 76 போட்டதையே பாவியுங்கோ, சுகமான தோலுக்கு அதில குறை ஒண்டும் இல்லை, காசும் மிச்சம். மகளுக்கும் கட்டியை உடம்பு முழுக்கத் தேய்க்கத் தேவையில்லை, கமக்கட்டு, இடுக்கு, கால் பாதம், விளையாடி ஊத்தை பட்ட இடம் காணும், அந்தச் சொரசொரப்பான மடிப்புகளுக்கு நுரையை லேசாக் காட்டிக் கழுவினாப் போதும், தேங்காய்ப் பொச்சு, நைலோன் வலை ஒண்டும் போட்டு உரஞ்சாதேங்கோ. சுடுதண்ணி வேண்டாம். குளிப்பு கெதியா முடியட்டும். துவாயால ஒத்தி எடுத்து, தோல் ஈரமா இருக்கேக்கயே, ரெண்டு மூண்டு நிமிசத்துக்குள்ள, மேல ஏதாவது கொழுப்பைப் பூசிவிடுங்கோ. சோப்புக்குள்ள தேடுற மொய்ஸ்சரைசர் உண்மையா வேலை செய்யிற இடம் இது தான், ஏனெண்டா இதைக் கழுவி ஊத்துறதில்லை. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல ரெண்டு நேரமும் பூசவேண்டி வரும். வெள்ளைப் பெற்றோலியம் ஜெல்லி பெறுமதியான சாமான், மலிவு, வாசம் இல்லை. நல்ல தேங்காய் எண்ணெயும் பூசலாம், பிலிப்பைன்ஸ்ல எக்ஸிமாப் பிள்ளையளுக்குப் பூசிப் பாத்து 2014 இல வந்த ஆய்வில மினரல் எண்ணெயை விட அது நல்லா வேலை செய்தது. சவுக்காரமாக் காய்ச்சினா எரிக்கிற தேங்காய் எண்ணெய், அப்பிடியே பூசினா தோலுக்குச் சாந்தம், ஏனெண்டா எண்ணெயா இருக்கேக்க அந்த லோரிக் அமிலம் கிளிசரினோட கட்டுப்பட்டு இருக்கு. அக்குவஸ் கிறீம் வீட்டில கிடந்தா அதைப் பூசி விடாதேங்கோ, அதுக்குள்ள சோடியம் லோரைல் சல்பேற் போட்ட சாதியள் இருக்கு, தோல்ல அப்பிடியே விட்டா பிள்ளையளுக்கு எரிவு வருது எண்டு 2013 இல பிரித்தானிய மருந்து ஒழுங்கமைப்பு எச்சரிச்சது, அதைச் சோப்புக்குப் பதிலாப் பூசிக் கழுவினாச் சரி.

சோப்பையும் எண்ணெயையும் பவுடரையும் ஒரே நாள்ல மாத்தினா எது வேலை செய்தது எண்டு பிடிக்கேலாது. முதல்ல சோப்பை மாத்தி, பூசிறதைத் தொடங்கி, ரெண்டு மூண்டு கிழமை வேற ஒண்டையும் தொடாமல் பாருங்கோ. உடுப்புத் தோய்க்கிற பவுடர் சரியா அலசுப்படாமல் சட்டையில நிக்குதோ எண்டும் கவனியுங்கோ, வன்னீர்ல அது கூட நிக்கும்.

முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம் எண்டு நீங்கள் சொல்லுற இடங்கள் எக்ஸிமா வழமையா வாற இடங்கள், அதால சோப் மாத்தினதில கடி குறைஞ்சாலும் குறையாட்டியும் ஒருக்கா ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில காட்டுங்கோ, அதுக்கு மருந்து இருக்கு. நீர் வடிஞ்சு மஞ்சளாப் பொருக்குக் கட்டினாக் கிருமி தொத்தியிருக்கு, அண்டைக்கே காட்டுங்கோ. இரவில கடி கூட, விரலிடுக்கிலையும் இருக்கு, வீட்டில மற்றாக்களும் சொறியினம் எண்டா அது சொறிப் பூச்சியா இருக்கலாம், அதுக்கு எந்தச் சோப்பும் சரிவராது, வீட்டில எல்லாரும் ஒரே நேரத்தில மருந்து பூசவேணும். ரெண்டு கட்டியின்ரையும் பின்பக்கப் பட்டியலை இதுக்குக் கீழ எழுதிவிடுங்கோ, பாத்துச் சொல்லுறன்.